குளுக்கோமீட்டர் காட்டும் எண்ணில் ஐயம் வந்தால்: அறிகுறி வாரியாகப் பிழை கண்டறியும் முறை

தேனி மாவட்டத்தில் நான் நீரிழிவு நோயாளிகளுக்கு வழிகாட்டும் செவிலியராகப் பணிபுரிகிறேன். ஒரு மாலை, 61 வயதான ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்து, மீட்டரில் 286 காட்டுவதாகவும், இரவு உணவுக்கு முன் போட வேண்டிய கிளிமிபிரைடு மாத்திரையை இப்போதே போட்டுக்கொள்ளலாமா என்றும் கேட்டார். அன்று காலை வெறும் வயிற்றில் அவருக்கு 118 இருந்தது. மதிய உணவு வழக்கம்போலத்தான். மயக்கம், தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகிய எதுவும் இல்லை. மீட்டரை எடுப்பதற்கு முன் என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன். பேரனுக்காகப் பன்னீர் திராட்சையைத் தோல் உரித்து, விதை நீக்கிக் கொடுத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். கையைக் கழுவினீர்களா என்று கேட்டதற்கு, புடவை முந்தானையில் துடைத்துவிட்டு ஸ்பிரிட் பஞ்சால் விரலைத் துடைத்ததாகப் பதில் வந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, வேறு விரலில் பார்க்கச் சொன்னேன். எண் 148 என்று வந்தது.

அந்த 286-ஐ நம்பி மாத்திரையை முன்கூட்டியே போட்டிருந்தால், இரவு உணவுக்கு முன்பே சர்க்கரை தாழ்ந்திருக்கக்கூடும். மீட்டரும் பழுதாகவில்லை, ஸ்டிரிப்பும் கெடவில்லை. தனக்குக் கிடைத்த துளியில் எவ்வளவு குளுக்கோஸ் இருந்ததோ அதைத்தான் மீட்டர் காட்டியது. அந்தக் குளுக்கோஸ் ரத்தத்திலிருந்து வந்ததா, விரல் தோலிலிருந்து வந்ததா என்று பிரித்தறிய அதற்கு வழியில்லை. ஆகவே, எதிர்பாராத எண் ஒன்று திரையில் தெரிந்தால், மருந்தையோ உணவையோ மாற்றுவதற்கு முன், அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை ஓர் ஒழுங்கில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

## சோதிக்காமல் உடனே செயல்பட வேண்டிய ஒரே நிலை

கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சில் குழறல், தடுமாற்றம் ஆகியவை தோன்றினால், அல்லது மீட்டர் 70-க்குக் கீழே காட்டினால், எண் சரியா தவறா என்று ஆராயக் கூடாது. முதலில் 15 கிராம் குளுக்கோஸ் பொடியை, அதாவது ஏறத்தாழ மூன்று தேக்கரண்டியை, தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்த்து, இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் அதே அளவை மறுபடியும் எடுத்துக்கொள்ள வேண்டும். குளுக்கோஸ் பொடி இல்லாவிட்டால் வீட்டுச் சர்க்கரையே போதும். ஆனால் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை வேலை செய்யத் தாமதமாகும், ஏனெனில் அந்த மாத்திரைகள் குடலில் சர்க்கரை உடைபடுவதைத் தடுக்கின்றன. அத்தகையவர்கள் குளுக்கோஸ் பொடியைத்தான் வீட்டில் வைத்திருக்க வேண்டும். நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் வோக்லிபோஸ் அடிக்கடி இடம்பெறுவதால் இதை அழுத்திச் சொல்கிறேன். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல், உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

உண்மையில் தாழ்வு இல்லாத ஒருவர் ஒரு முறை மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் குடிப்பதால் பெரிய கேடு நேராது. தாழ்ந்த சர்க்கரையை ஐயத்தினால் அப்படியே விட்டுவைத்தால் நேரும்.

## மாதிரி எடுக்கும் முறை

பிழையைத் தேடும்போது ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான முறை மனத்தில் இருக்க வேண்டும். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கைகளைச் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவி, சுத்தமான துணியால் முழுமையாக உலர்த்துங்கள். விரலில் ஈரம் தங்கினால் ரத்தத்துளி நீர்த்து, எண் குறைவாக வரும். ஸ்டிரிப் டப்பாவைத் திறந்து உலர்ந்த கையால் ஒரு ஸ்டிரிப்பை எடுத்தவுடன் மூடியை அழுத்தி மூடிவிடுங்கள். ஸ்டிரிப்பை மீட்டரில் செருகிய பின், திரையில் ரத்தத்துளிச் சின்னம் மின்னும் வரை காத்திருங்கள்.

குத்துவதற்கு நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் பக்கவாட்டுப் பகுதியே ஏற்றது. விரல் நுனியின் நடுப்பகுதியில் நரம்பு முனைகள் அதிகம், அங்கே குத்தினால் வலி கூடும், நாளடைவில் தோலும் தடித்துவிடும். குத்துவதற்கு முன் கையைத் தொங்கவிட்டு, அரை நிமிடம் மெதுவாக உதறினால் விரலுக்கு ரத்தம் இறங்கும். குத்தும் கருவியின் ஆழ எண்ணை நடு அளவில் தொடங்கி, துளி சிறிதாக வந்தால் மட்டும் ஒவ்வோர் எண்ணாகக் கூட்டிக்கொள்ளுங்கள். குத்திய பிறகு உள்ளங்கைப் பக்கத்திலிருந்து விரல் நுனியை நோக்கி மெதுவாக வருடுங்கள். குத்திய இடத்தையே பிடித்துப் பிழிய வேண்டாம். அப்படிப் பிழிந்தால் திசுக்களின் இடுக்கில் உள்ள நீர் ரத்தத்தோடு கலந்து அளவை மாற்றிவிடும்.

கை கழுவியிருந்தால் முதல் துளியையே பயன்படுத்தலாம். வெளியூர்ப் பயணத்தில் கழுவ இயலாமல் போனால், முதல் துளியைப் பஞ்சால் துடைத்துவிட்டு, பிழியாமல் வரும் இரண்டாம் துளியைப் பயன்படுத்துங்கள். துளியை ஸ்டிரிப்பின் மேல் சொட்டவிடாமல், ஸ்டிரிப்பின் ஓரத்தைத் துளியில் தொட்டால் போதும், தேவையான அளவை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். இன்றைய மீட்டர்களில் பலவற்றுக்கு ஒரு மைக்ரோ லிட்டருக்கும் குறைவான ரத்தமே வேண்டும். கடுகை விடச் சிறிய துளி அது.

லான்செட் ஊசியை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தினால் முனை மழுங்கி வலி கூடும். கணவனும் மனைவியும் ஒரே குத்தும் கருவியைப் பகிர்வதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். ஊசியை மாற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள், ஆனால் கருவியின் மூடியில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் வழியாகவும் மஞ்சள் காமாலை பி வகைக் கிருமி பரவக்கூடும். மீட்டர் ஒன்றாக இருந்தாலும், குத்தும் கருவி ஆளுக்கு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

## அறிகுறி: உடலில் மாற்றம் எதுவும் இல்லை, எண் மட்டும் மிக உயர்வாக இருக்கிறது

முதலில் சந்தேகிக்க வேண்டியது விரலைத்தான். 100 mg/dL என்றால் 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 100 மில்லி கிராம் குளுக்கோஸ் இருக்கிறது என்று பொருள். திராட்சைச் சாற்றிலோ, அதே 100 மில்லி லிட்டரில் ஏறத்தாழ 7 கிராம், அதாவது 7,000 மில்லி கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. அது ரத்தத்தைப் போல எழுபது மடங்கு. ஆகவே ரத்தத்துளியில் எழுபதில் ஒரு பங்கு சாறு கலந்தாலே, காட்டும் எண் ஏறத்தாழ 100 கூடிவிடும். அந்த அம்மாவுக்கு 148 என்பது 286 ஆனதற்கு, துளியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குச் சாறு கலந்திருந்தாலே போதும். கண்ணுக்குத் தெரியாத, தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கும் அளவுதான் அது.

ஸ்பிரிட் பஞ்சு ஏன் உதவவில்லை என்று அவர் பிறகு கேட்டார். ஸ்பிரிட் கிருமியை அழிக்கும், ஆனால் சர்க்கரை அதில் எளிதாகக் கரையாது. 2011-இல் ஜப்பானிய மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில் ஆரஞ்சு, திராட்சை, கிவி ஆகிய பழங்களை உரித்தவர்களின் விரலில் சர்க்கரை பார்த்தார்கள். கை கழுவாதபோது எண் மிக உயர்வாக வந்தது. ஸ்பிரிட் பஞ்சால் ஐந்து முறை துடைத்த பின்னரும் உயர்வு முழுமையாக நீங்கவில்லை. குழாய் நீரில் கழுவியபோதுதான் சரியான எண் கிடைத்தது. பழம் மட்டுமல்ல, தேன், குளுக்கோஸ் பொடி, குளிர்பானம், குளுக்கோஸ் கலந்த மிட்டாய் ஆகியவற்றைத் தொட்ட கைக்கும் இது பொருந்தும். லோ சுகருக்காகக் குளுக்கோஸ் பொடியைக் கரைத்துக் குடித்துவிட்டு, அதே விரலில் மறுபடி பார்ப்பவர்களுக்கு இந்தத் தவறு அதிகம் நேர்கிறது. அங்கே அது ஆபத்தானதும்கூட, ஏனெனில் சர்க்கரை ஏறிவிட்டது என்று பொய்யான நிம்மதியைத் தந்துவிடும்.

கழுவி, உலர்த்தி, வேறு விரலில் பார்த்த பின்னரும் எண் உயர்வாகவே இருந்தால், அதை மெய்யான எண்ணாகவே கொள்ள வேண்டும். அடுத்து, கடந்த சில மணி நேரத்தில் மாத்திரை அல்லது இன்சுலின் தவறியதா, காய்ச்சல் இருக்கிறதா, ஸ்டீராய்டு மருந்து ஏதும் எடுக்கப்பட்டதா, மூட்டு வலிக்காக ஊசி போடப்பட்டதா என்று பாருங்கள். ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகு சில நாள்கள் சர்க்கரை உயர்ந்தே இருப்பது வழக்கம். 250-க்கு மேல் இரண்டு முறை தொடர்ந்து காட்டி, அதோடு வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஒரு நாள் மட்டும் அல்லாமல் எப்போதுமே மீட்டர் உயர்வாகக் காட்டுகிறது என்றால் காரணம் வேறாக இருக்கலாம். ரத்தசோகை உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்கள் குறைவு, அதனால் துளியின் திரவப் பகுதி கூடி, மீட்டர் உண்மையை விட உயர்வாகக் காட்டும். ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே உள்ளவர்கள் இதை மருத்துவரிடம் குறிப்பிட வேண்டும். அதிக அளவு வைட்டமின் சி எடுப்பவர்களுக்கும் சில மீட்டர்களில் பொய்யான உயர்வு தோன்றும். வயிற்றின் வழியே டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், தாம் பயன்படுத்தும் திரவத்தில் ஐகோடெக்ஸ்ட்ரின் இருந்தால், தங்கள் மீட்டர் அதற்கு ஏற்றதா என்பதைச் சிகிச்சை தரும் இடத்தில் கேட்டே ஆக வேண்டும். சில பழைய வகை ஸ்டிரிப்கள் அதிலிருந்து வரும் மால்டோஸையும் குளுக்கோஸாக எண்ணிவிடும்.

## அறிகுறி: எண் குறைவாக இருக்கிறது, ஆனால் உடலில் எந்த அடையாளமும் இல்லை

மேலே சொன்னபடி, 70-க்குக் கீழே என்றால் முதலில் குளுக்கோஸ், பிறகுதான் ஆராய்ச்சி. நீண்ட நாள் நீரிழிவு உள்ளவர்களுக்கும் இதயத்துக்காகச் சில மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் தாழ்வின் அடையாளங்கள் தெரியாமலே போகலாம் என்பதால், அடையாளம் இல்லாததை மட்டும் வைத்து எண்ணைத் தவறு என்று தள்ளக் கூடாது.

எண் 90 அல்லது 100 என்று வந்து, உங்களுக்கு வழக்கமாக அந்த நேரத்தில் 150 இருக்குமானால், விரல் ஈரமாக இருந்ததா, துளியைப் பிழிந்து எடுத்தீர்களா, ஸ்டிரிப்பின் குழல் முழுவதும் ரத்தம் நிறைந்ததா என்ற மூன்றையும் பாருங்கள். ஸ்டிரிப்பின் சிறு சாளரத்தில் ஒரு பாதி வெண்மையாகத் தெரிந்தால் ரத்தம் போதவில்லை. பெரும்பாலான மீட்டர்கள் அப்போது எண் தராமல் பிழைக் குறியீடு காட்டிவிடும், ஆனால் எல்லாம் அப்படிச் செய்வதில்லை.

## அறிகுறி: ரத்தம் வரவில்லை, அல்லது திரையில் பிழைக் குறியீடு வருகிறது

குளிர்ந்த கைதான் பெரும்பாலும் காரணம். கொடைக்கானலில் உறவினர் வீட்டுக்குச் சென்றவர்களும், குளிரூட்டிய அறையில் இரவு முழுதும் இருந்தவர்களும் காலையில் இதைச் சொல்வார்கள். வெதுவெதுப்பான நீரில் இரண்டு நிமிடம் கையை வைத்திருந்து, உலர்த்திவிட்டுக் குத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வயலிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்களுக்கு விரல் தோல் தடித்திருக்கும், அவர்கள் ஆழ எண்ணைக் கூட்டிக்கொள்ளலாம், அல்லது அதிகம் உழைக்காத கையின் சுண்டுவிரலைப் பயன்படுத்தலாம்.

Er என்று தொடங்கும் குறியீடுகளின் பொருள் ஒவ்வொரு மீட்டருக்கும் வேறுபடும் என்பதால், பெட்டிக்குள் இருந்த வழிகாட்டித் தாளை எறியாமல் வைத்திருங்கள். இருந்தாலும் எல்லாவற்றிலும் பொதுவாக வருபவை மூன்றுதான்: ரத்தம் போதவில்லை, ஸ்டிரிப் ஏற்கெனவே பயன்படுத்தியது அல்லது ஈரம் பட்டது, அறையின் வெப்பநிலை மீட்டரின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. முதலாவதற்கு, பயன்படுத்திய ஸ்டிரிப்பில் இரண்டாவது துளியைச் சேர்க்கக் கூடாது. ஸ்டிரிப் வீணாகிறதே என்ற வருத்தம் எனக்கும் புரிகிறது, ஆனால் வேதிவினை முதல் துளியிலேயே தொடங்கிவிட்டதால், சேர்த்த துளியின் எண்ணை நம்ப முடியாது. புதிய ஸ்டிரிப்தான் வேண்டும்.

HI, LO என்பவை பிழைக் குறியீடுகள் அல்ல. பல மீட்டர்களில் HI என்றால் 600-க்கு மேல், LO என்றால் 20-க்குக் கீழ். HI என்ற எழுத்தை வணக்கம் சொல்வதாக எடுத்துக்கொண்டு மீட்டரை அணைத்துவிட்ட ஒரு முதியவரை நான் சந்தித்திருக்கிறேன். கை கழுவிய பின்னும் HI வந்தால் நேரே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எண் 7.8, 9.2 என்று புள்ளியோடு வந்தால், அந்த மீட்டர் வேறோர் அலகில் காட்டுகிறது. சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், கனடா ஆகிய நாடுகளிலிருந்து உறவினர்கள் கொண்டுவரும் மீட்டர்கள் mmol/L அலகில் இருக்கும். அதை 18-ஆல் பெருக்கினால் நம் அலகு கிடைக்கும், 7.8 என்பது 140.

## அறிகுறி: அடுத்தடுத்துப் பார்த்த இரண்டு எண்களும் வேறுபடுகின்றன

ஒருவர் இடது கையில் 162, இரண்டு நிமிடம் கழித்து வலது கையில் 178 பார்த்துவிட்டு, மீட்டரை மாற்ற வேண்டுமா என்று கேட்பார். மாற்ற வேண்டியதில்லை. வீட்டு மீட்டர்களுக்கான சர்வதேசத் தரநிலையான ISO 15197, 2013-ஆம் ஆண்டு வடிவத்தில், 100 mg/dL-உம் அதற்கு மேலும் உள்ள அளவுகளில் நூற்றுக்கு 95 அளவீடுகள் உண்மையிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. 100-க்குக் கீழே 15 எண்களுக்குள் இருக்க வேண்டும். உண்மை அளவு 170 என்றால், 145 முதல் 195 வரை எதைக் காட்டினாலும் மீட்டர் தன் தரத்துக்குள்தான் இருக்கிறது. 162-உம் 178-உம் இங்கே ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன.

இரண்டு எண்களுக்கும் இடையே 50, 60 என்று இடைவெளி இருந்தால் மட்டும் காரணத்தைத் தேடுங்கள். கையைக் கழுவி மூன்றாவது முறை பாருங்கள். அப்போதும் ஒத்துவராவிட்டால் ஸ்டிரிப்பைச் சோதிக்க வேண்டும். ஸ்டிரிப்பில் பூசப்பட்டிருக்கும் நொதி, ஈரத்தையும் வெப்பத்தையும் தாங்காது. பல ஸ்டிரிப் டப்பாக்களில் 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைக்கக் கூடாது என்று அச்சிட்டிருக்கும். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ, ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியிலோ, அடுப்படி அலமாரியிலோ அந்த எல்லை எளிதில் தாண்டிவிடும். அதற்குப் பயந்து குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் தவறு, வெளியே எடுத்துத் திறக்கும்போது உள்ளே ஈரம் படியும். படுக்கையறையில் வெயில் படாத அலமாரியே போதுமானது. ஸ்டிரிப்களை டப்பாவிலிருந்து எடுத்துச் சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் கொண்டுசெல்பவர்கள் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும், ஏனெனில் டப்பாவின் உட்சுவரிலேயே ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கிறது.

டப்பாவில் இரண்டு தேதிகள் கணக்கில் வரும். ஒன்று அச்சிட்ட காலாவதித் தேதி. மற்றொன்று திறந்த நாளிலிருந்து எண்ண வேண்டிய காலம், நிறுவனத்துக்கு ஏற்ப அது மூன்று மாதமாகவோ ஆறு மாதமாகவோ இருக்கும். வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் பார்ப்பவருக்கு 50 ஸ்டிரிப் டப்பா ஆறு மாதம் நீடிக்கும் என்பதால், திறந்த தேதியைப் பேனாவால் டப்பாவின் மேல் எழுதுங்கள். பழைய வகை மீட்டராக இருந்தால், டப்பாவில் உள்ள குறியீட்டு எண்ணும் திரையில் வரும் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

ஸ்டிரிப்பைச் சோதிக்க உறுதியான வழி, அந்த மீட்டருக்கென்றே தயாரித்த கன்ட்ரோல் திரவம். ரத்தத்துக்குப் பதிலாக அதில் ஒரு துளியை வைத்து, வரும் எண் டப்பாவில் அச்சிட்ட எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இது எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைப்பதில்லை. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் நிறுவன உதவி எண்ணில் கேட்டுப் பெறலாம். கிடைக்காவிட்டால், புதிய டப்பாவைத் திறந்து, பழையதிலிருந்து ஒன்றும் புதியதிலிருந்து ஒன்றுமாக ஒரே குத்தில் பார்த்து ஒப்பிடுங்கள்.

## அறிகுறி: லேப் முடிவும் மீட்டர் எண்ணும் ஒத்துப்போகவில்லை

இந்தப் புகாரில் பெரும்பாலும் ஒப்பீடுதான் பிழையாக இருக்கிறது. காலை ஆறு மணிக்கு வீட்டில் பார்த்த எண்ணையும், எட்டரை மணிக்கு லேபில் கொடுத்த ரத்தத்தின் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். இடையில் காபி குடிக்காவிட்டாலும், நடையும் பதற்றமும் இரண்டரை மணி நேரமும் எண்ணை மாற்றிவிடும். சாப்பாட்டுக்குப் பிந்தைய சோதனையில் ஒப்பிடுவது இன்னும் தவறு, அப்போது விரல் ரத்தத்தில் சர்க்கரை கை நரம்பில் எடுக்கும் ரத்தத்தை விட இயல்பாகவே உயர்வாக இருக்கும். திசுக்கள் சர்க்கரையை எடுத்துக்கொண்ட பிறகுதான் ரத்தம் அந்த நரம்பை வந்தடைகிறது.

சரியான ஒப்பீடு இப்படித்தான். வெறும் வயிற்றில் மீட்டரையும் லேபுக்கே எடுத்துச் செல்லுங்கள். ஊசி போட்டு ரத்தம் எடுத்த ஐந்து நிமிடத்துக்குள், கழுவிய விரலில் பாருங்கள். லேப் 128 என்று தந்து, மீட்டர் 141 காட்டியிருந்தால், வேறுபாடு 13. இது 128-இல் 10 சதவீதம், மீட்டர் நன்றாகவே வேலை செய்கிறது. லேப் எண் மட்டும் தொடர்ந்து குறைவாக வந்தால், எடுத்த ரத்தம் சோதனைக் குழாயில் எவ்வளவு நேரம் வெளியே காத்திருந்தது என்று கேட்பதிலும் தவறில்லை. பிரிக்காத ரத்தத்தில் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருப்பதால், அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை அளவு குறையும்.

## அறிகுறி: குறிப்பேட்டில் எண்கள் நன்றாக இருக்கின்றன, எச்பிஏ1சி மட்டும் உயர்வாக வருகிறது

மாதிரி எடுப்பதில் நேரும் பிழையைக் கழுவிய கை சரிசெய்துவிடும். குறிப்பெடுப்பதில் உள்ள பிழை மூன்று மாதம் வரை வெளியே தெரியாது. ஓர் அலுவலக ஊழியர் தினமும் காலை வெறும் வயிற்றில் பார்த்து, மூன்று மாதத்துக்கும் ஒழுங்காக எழுதியிருந்தார். எண்கள் எல்லாம் 112 முதல் 126 வரை. மூன்று மாதச் சர்க்கரை நிலையைச் சொல்லும் லேப் சோதனையான எச்பிஏ1சி 8.4 வந்தபோது லேப் மீது சந்தேகப்பட்டார். எச்பிஏ1சியை 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழித்தால் மூன்று மாதச் சராசரி தோராயமாகக் கிடைக்கும். அவருக்கு அது 194. காலை 120 இருக்கும் ஒருவரின் சராசரி 194 ஆக வேண்டுமானால், பகலில் ஏதோ ஒரு வேளை மிக உயரச் சென்று வருகிறது. இரும்புச்சத்துக் குறைவாலும் எச்பிஏ1சி பொய்யாக உயரலாம் என்பதால் ஹீமோகுளோபினைப் பார்த்தோம், அது இயல்பாக இருந்தது.

அதே எண்ணிக்கையிலான ஸ்டிரிப்களை இணைகளாகச் செலவிடச் சொன்னேன். ஒரு வேளை உணவுக்குச் சற்று முன் ஒன்று, முதல் வாய் உண்ட நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. உண்டு முடித்த நேரத்திலிருந்து எண்ணக் கூடாது, பேசிக்கொண்டே சாப்பிடுபவர்களுக்கு அரை மணி நேரம் தவறிவிடும். இரவு உணவுக்கு அவர் எழுதிய மூன்று நாள்கள் இவை:

திங்கள், இரவு 8:10. முன் 132. தோசை 4, தேங்காய்ச் சட்னி. 10:10-க்கு, பின் 214. மாத்திரை 8:00.

செவ்வாய், இரவு 8:30. முன் 128. தோசை 4, சாம்பார். 10:30-க்கு, பின் 209. மாத்திரை 8:15.

புதன், இரவு 8:00. முன் 136. தோசை 2, பாசிப்பயறு சுண்டல் ஒரு கிண்ணம். 10:00-க்கு, பின் 168. மாத்திரை 7:50. சாப்பிட்ட பின் 15 நிமிட நடை.

முதல் இரண்டு நாளும் ஏற்றம் 80-ஐச் சுற்றி, மூன்றாம் நாள் 32. இந்த மூன்று வரிகளிலிருந்து மருத்துவர் அறிந்துகொண்டதை, மூன்று மாதக் காலை எண்கள் சொல்லவில்லை. கருவுறாத பெரியவர்கள் பலருக்கு உணவுக்கு முன் 80 முதல் 130, உணவுக்குப் பின் 180-க்குள் என்பது பொதுவான இலக்கு. முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் இலக்கு வேறு, அதை மருத்துவரிடம் கேட்டுக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதும்போது சில விஷயங்களில் கவனம் வேண்டும். திரையில் 187 என்றால் 187 என்றே எழுதுங்கள், 180 என்று மழுக்க வேண்டாம். சந்தேகத்தால் இரண்டாம் முறை பார்த்தால், இரண்டையும் எழுதி, முதல் எண்ணுக்குப் பக்கத்தில் கை கழுவவில்லை, துளி போதவில்லை என்று காரணத்தைக் குறியுங்கள். காரணம் எதுவும் தெரியவில்லை என்றால் முதல் எண்ணே கணக்கு. பிடித்த எண் வரும் வரை குத்திப் பார்த்து, அதை மட்டும் எழுதுபவர்களின் குறிப்பேட்டை நம்பி மருத்துவர் மருந்தைக் குறைத்துவிட நேரும். மாத்திரை மறந்த நாளில் மறந்தேன் என்று எழுதுங்கள், அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். எழுதாவிட்டால் அந்த உயர்வுக்கு மருந்தின் அளவு போதவில்லை என்று பொருள் கொள்ளப்பட்டு, மருந்து கூட்டப்படும்.

மீட்டரின் நினைவகத்தை மட்டும் நம்பிக் கொண்டுவருபவர்கள் முதலில் அதன் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பேட்டரி மாற்றியபோது தேதியும் நேரமும் பல மீட்டர்களில் அழிந்துவிடும். அண்மையில் ஒருவரின் மீட்டரில் வெறும் வயிற்று எண்கள் எல்லாம் மாலை ஆறரை மணிக்கு எடுத்ததாகப் பதிவாகியிருந்தன. புதிய பேட்டரி போட்டபோது AM என்பதற்குப் பதிலாக PM என்று வைத்துவிட்டார் அவர் மகன். இரவு உணவுக்கு முன் கட்டுப்பாடு அருமை, காலையில் மட்டும் சர்க்கரை ஏறுகிறது என்று தலைகீழாக வாசிக்கப்படவிருந்தது. அவர் தனியாக எழுதிவைத்திருந்த தாளில் காபிக்கு முன் என்று ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் இருந்ததால் பிழை பிடிபட்டது.

பரிசோதனைக்கு வரும் நாளில் குறிப்பேட்டோடு மீட்டர், ஸ்டிரிப் டப்பா, குத்தும் கருவி மூன்றையும் எடுத்து வாருங்கள். எங்கள் முன்னால் ஒரு முறை நீங்களே பார்த்துக் காட்டினால், மேலே சொன்னவற்றில் எந்த இடத்தில் தவறுகிறது என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து, நிறைந்ததும் மூடியை ஒட்டி, ஊசிகள் என்று எழுதி, வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தூய்மைப் பணியாளரிடம் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். வெறும் பாலித்தீன் பையில் போட்டால், அது அவர் கையில்தான் குத்தும்.